விரல் பக்கமாய் ஒரு கல்

அத்தை மாதம்மாளின் விரல் முட்டி வீங்கியிருந்தது. கலைமதி தேங்காயெண்ணெய் தடவி மறுபடி இழுத்தாள். மோதிரம் அசையவில்லை.

குளிப்பாட்டும் தண்ணீர் கொல்லை அடுப்பில் கொதித்தது. வாசலில் மேளக்காரர்கள் கல்யாணப் பாட்டே வாசித்தார்கள். எண்பத்தாறு வயதுக் கல்யாணச் சாவு. அழுதவர்கள்கூட டீயைக் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

மோதிரத்தை அறுத்துவிடலாம் என்றார்கள். அதன் சிவப்புக் கல்லைக் கலைமதியின் கல்யாணத்துக்கென்று வைத்திருந்தாள் அத்தை. முந்தாநாள் தர்மபுரிக் கடையில், அதே போல் கல் வைத்த ஜோடி மோதிரம்தான் வேண்டும் என்று கலைமதி நின்றாள். வெறும் தங்கம் போதும் என்றான், அவளைக் கட்டப்போகிற மாதவராஜ். அவன் வெந்நீரில் கூடு போட்டுப் பட்டு நூற்பவன்; கல்லைப் பிடிக்கும் பல்லில் இழை மாட்டும் என்றான். அவள் நம்பவில்லை. மோதிரம் வாங்காமலே பஸ் ஏறினார்கள்.

மாலையோடு வந்த மாதவராஜ் விரலைப் பார்த்தான். பையிலிருந்து பட்டு நூலை எடுத்து, ஒரு முனையை மோதிரத்தின் அடியில் நுழைத்து, முட்டி வரை நெருக்கமாகச் சுற்றினான். அடி முனையைப் பிடித்துச் சுற்றைப் பிரிக்க, மோதிரம் நகர்ந்தது. நூல் பல்லில் மாட்டி அறுந்தது. மறுபடி சுற்றினான். மறுபடி அறுந்தது.

பார்த்தாயா என்று அவன் கேட்கவில்லை. மூன்றாவது முறை கலைமதி கல்லின் மேல் கட்டைவிரலை வைத்து மூடிக்கொண்டாள். நூல் அவள் நகத்தில் வழுக்கிப் போக, மோதிரம் முட்டியைத் தாண்டியது.

"அத்த எம்பது கிலோ மூட்டை தூக்கும்போதுகூட இதக் கழட்டலங்க," என்றாள்.

தண்ணீர் எடுக்க இருவரும் கொல்லைக்குப் போனார்கள்.

"ஒரு நாளைக்கு எத்தன தரம் நூலு அறுந்துபோவும்?"

"எண்ணுனா வேல நடக்குமா?"

"அப்ப பல்லே வேணாங்க. தங்கத்துலயே குழி தோண்டி கல்லப் பதிப்பாங்கன்னு கடக்காரர் சொன்னாரில்ல? அத உள்ளாற, விரல் பக்கமா பதிக்கச் சொல்லலாம். வெளிய பாத்தா வெறும் தங்கம்."

"யாரும் பாக்க மாட்டாங்களே."

"நமக்குத் தெரியுமில்ல."

அவன் சிரித்துவிட்டான். "மோதிரப் பட்டை கொஞ்சம் தடியா வேணும், குழிக்கு. எனக்கும் ஒரு செகப்புக் கல்லு வாங்கிரு. ஆனா பதிச்சப்புறம் பெருசு பண்ண நெருப்புல காட்ட முடியாது. அளவு இப்பவே சரியா இருக்கணும். வெந்நீர்ல வேல செஞ்சா என் விரல் வீங்கும்."

"வீங்கின அளவே எடுங்க."

வெந்நீரை மொண்டு குடத்தில் ஊற்றி, ஆவியில் கை சிவந்து வீங்கியதும் நீட்டினான். அவள் புது நூலால் அவன் விரலைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். அவள் விரலுக்கு அவன் போட்டான்.

"மாப்ள, தண்ணி," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

ஆளுக்கொரு பக்கம் குடத்தைப் பிடித்துத் தூக்கினார்கள். முடிச்சு நனையாமல் அந்த ஒரு விரலை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு, மெதுவாக அத்தையிடம் நடந்தார்கள்.