கேபினை விட்டு இறங்காத மாத்திரை

துறைமுகத்துக் கண்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிற நேசக்குமார், தன் உடம்பையும் ஷிப்டு பிரித்துத்தான் வைத்திருந்தான். விடிந்ததும் ஒரு மாத்திரை, பொழுது அடைந்ததும் ஒரு குவார்ட்டர் பிராந்தி. நடுவே பன்னிரண்டு மணி நேரம். காலை ஆறு மணிக்கு ஏறுகிற ஆபரேட்டர் மத்தியானமே இறங்கிப் போய்விடுவான், ராத்திரி பத்து மணிக்கு ஏறுகிறவன் கேபினில் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை அல்லவா? அதுபோல இந்த இரண்டும் ஒன்றையொன்று பார்க்கப் போவதில்லை என்று அவன் மனசார நம்பினான். இருபது வருஷம் ஷிப்டு பார்த்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும், பாவம்.

மாத்திரை மனசுக்கானது. போன வருஷம் மழைக்காலத்தில் தொடங்கிய வியாதி அது. இன்ன காரணம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கடன் இல்லை, வீட்டில் சண்டை இல்லை. விடியக்காலை நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடும். அதன் பிறகு நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கும். சாப்பாடு வாயில் வைக்கோலாகிவிட்டது. அவன் மனைவி ஜெயஷீலா முத்தையாபுரத்தில் தையல் மெஷின் வைத்திருக்கிறாள். தைத்துக்கொண்டே அவனைக் கவனித்தாள். இரண்டு மாதம் பொறுத்தாள். பிறகு ஒரு நாள் கையைப் பிடித்து ஊருக்குள் இருந்த மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள். கோயிலில் கேட்டவர்களிடம் கேஸ் டிரபிள் என்று சொல்லிவைத்தாள்.

டாக்டர் ராஹிலா காயல்பட்டினத்துக்காரர். நிதானமாகக் கேட்பார். இது மனச்சோர்வு நோய், எஸ்சிட்டலோபிராம் என்ற மாத்திரையைத் தினமும் போட்டுவந்தால் நாலிலிருந்து ஆறு வாரத்தில் குணம் தெரியும் என்றார். குடிப்பழக்கம் உண்டா என்றும் கேட்டார். எப்பவாவது, விசேஷத்துக்கு என்றான் நேசக்குமார். அன்றைக்கு அது உண்மைதான். இந்த மருந்து எடுக்கும்வரை அதுவும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

விசேஷத்துக்கு இருந்த குடி வாரத்தில் நாலு நாளானது அதற்குப் பிறகுதான். தூக்கம் வரவில்லை என்று நண்பன் மாரிராஜிடம் சொல்லியிருந்தான். மாரிராஜும் கிரேன் ஆபரேட்டர்தான். இவனுக்காக இரவு ஷிப்டுகளையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டு, தன் காலை ஷிப்டை இவனுக்குக் கொடுத்த நல்லவன். அந்த நல்லவன்தான், ஒரு குவார்ட்டரைப் போட்டுட்டுப் படுலே, கட்டை மாதிரி தூங்குவ என்று வழி சொன்னதும். தூக்கம் வந்தது. ஆனால் பாதியில் அறுந்துபோய்விடும். மறுநாள் முழுக்கத் தலைக்குள் ஈரச்சாக்கு கிடப்பது போல இருக்கும். ஆறு வாரம் போனது, குணம் தெரியவில்லை. டாக்டர் மாத்திரை அளவைக் கூட்டினார். இன்னும் ஆறு வாரம் போனது. இப்போது முன்னைவிட மோசம். தன் வியாதிக்கு மருந்தே கிடையாது என்று நேசக்குமார் உள்ளுக்குள் முடிவுகட்டிவிட்டான். அந்த முடிவைத்தான் அவன் யாரிடமும் சொல்லவில்லை.

அப்படிப்பட்ட ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அது நடந்தது.

யார்டு வாசலில், குடித்திருக்கிறார்களா என்று பார்க்கும் கருவியில் ஊதினான். அது ஒன்றும் காட்டவில்லை. நேற்றுப் பொழுது அடையக் குடித்தது விடிவதற்குள் மூச்சை விட்டுப் போயிருந்தது. கிரேனில் ஏறி உட்கார்ந்தான். கீழே ஒரு டிரெய்லர் கண்டெய்னரோடு வந்து நின்றது. பெட்டியின் நாலு மூலையையும் டிரெய்லரோடு பிடித்திருக்கும் பூட்டுகளைத் திறந்த பிறகுதான் தூக்க வேண்டும். கீழே நின்ற ஆள் மூன்றைத் திறந்துவிட்டு நாலாவதில் கை வைத்திருந்தான். தூக்கலாம் என்று கட்டைவிரல் இன்னும் காட்டவில்லை. காட்டியதாக நேசக்குமாருக்குத் தோன்றியது. கண் மூடியதா, மூடாமலே தூங்கினானா என்று அவனுக்கே தெரியாது. லீவரை இழுத்துவிட்டான்.

பெட்டியோடு டிரெய்லரின் ஒரு பக்கமும் சேர்ந்து எழும்பியது. டிரைவர் செல்வதுரை உள்ளேதான் இருந்தான். ஹாரன் அலறியது. ஒரு முழம் எழும்பியபிறகே நேசக்குமாரின் கை நின்றது. மெல்ல இறக்கினான். செல்வதுரை கதவைத் திறந்து இறங்கி, தரையில் உட்கார்ந்து, பிறகு கிரேனைப் பார்த்துத் தன் தலையிலேயே அடித்துக்கொண்டான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நேசக்குமார் ஏணியில் இறங்கி வந்து அந்த நாலாவது பூட்டைத் தொட்டுப் பார்த்தான்.

சூப்பர்வைசர் ஏசவில்லை. உடம்பு சரியாக இருக்கிறது என்று டாக்டர் சர்டிபிகேட் கொண்டுவரும்வரை கிரேனில் ஏற வேண்டாம் என்றார், கீழே நின்று பெட்டிகளை எண்ணிக் குறிக்கும் டாலி எழுதச் சொன்னார். இருபது வருஷத்தில் அவனை யாரும் கிரேனை விட்டு இறக்கியதில்லை.

மறுநாள் ஜெயஷீலாவோடு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தான். நடந்ததைச் சொன்னான். குடியைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றுகூட இல்லை. அது வேறு ஷிப்டு, இதில் அதற்கு வேலையில்லை என்றுதான் விட்டுவிட்டான். இன்னொன்றும் கேட்டான்: இந்த மருந்து எனக்குப் பிடிக்கவில்லை போல, நிறுத்திவிடலாமா?

டாக்டர் ராஹிலா சீட்டுகளைப் புரட்டினார். பன்னிரண்டு வாரம், போதுமான அளவு, பலன் இல்லை. வேறு மருந்துக்கு மாற்றிப்பார்க்கலாம் என்றார். மாற்றும்போது பழையதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், கடைசி மாத்திரையைப் போட்டபிறகும் அது உடம்பை விட்டுப் போக ஒரு வாரம் போல ஆகும், அதனால் கொஞ்ச நாள் இரண்டு மருந்தும் உள்ளே சேர்ந்தே இருக்கும், கவனமாக இருக்கணும் என்று சொல்லிக்கொண்டே எழுதத் தொடங்கினார்.

நேசக்குமார் நிமிர்ந்தான்.

"ஒரு வாரமா? காலையில போட்டது சாயங்காலம் இறங்கிராதாம்மா?"

டாக்டரின் பேனா நின்றது. "ஏன் சாயங்காலம்னு கேக்குறீங்க?"

அவன் ஜெயஷீலாவைப் பார்த்தான். அவள் தன் மடியைப் பார்த்தாள். அப்போதுதான் சொன்னான். வாரத்தில் நாலு நாள், ஒவ்வொரு குவார்ட்டர், மாத்திரைக்கும் அதற்கும் பன்னிரண்டு மணி நேர இடைவெளி, ஒரு நாளும் தவறியதில்லை. நல்ல பிள்ளை வீட்டுப்பாடத்தைக் காட்டுகிற மாதிரி சொன்னான். சொல்லி முடிக்கிற இடத்தில் குரல் இறங்கிவிட்டது.

"அப்பம் அது இறங்கவே இல்லியா? மாத்த வந்த ரிலீவர் ஏறியும், முந்தின ஆள் கேபின்லயே இருக்கானா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "இருக்கான். முந்தாநாள் ஆளும் கொஞ்சம் இருக்கான். தினமும் போடுறதே அவன் இறங்காம இருக்கத்தான். நீங்க சாயங்காலம் ஏத்தினது இன்னொரு லீவரைப் பிடிச்சு எதிர்ப்பக்கம் இழுக்குது."

பிறகு அவசரமில்லாமல் விளக்கினார். குடி முதலில் இளைப்பாறுதல் போலத் தெரிந்தாலும், மனசைக் கீழே இறக்குகிற சரக்கு அது. மறுநாள் பாரம் அதனால்தான் கூடுகிறது. தூங்கவைக்கும், ஆனால் விடியுமுன் தூக்கத்தைக் கிழித்துவிடும். இந்த மாத்திரையும் சிலருக்குக் கொஞ்சம் மயக்கத்தைத் தரும். இரண்டும் சேர்ந்தால் மந்தம் கூடும், கண் பார்த்ததற்குக் கை பிந்தித்தான் வரும். மூச்சில் ஒன்றும் இல்லை என்று கருவி சொல்லும், தூக்கம் கெட்ட மூளையை அது அளக்காது. மாத்திரை ஒரு படி ஏற்றினால் குடி ஒரு படி இறக்கிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் மருந்து தோற்றது என்று எப்படிச் சொல்ல முடியும்?

இன்னொன்றையும் கேட்டார், மிக மெதுவாக. சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா?

நேசக்குமார் மேஜையில் கிடந்த சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சாகணும்னு இல்லம்மா. விடியாம இருந்தா நல்லாருக்கும்னு இருக்கும். குடிச்ச மறுநாளுதான் ரொம்ப."

ஜெயஷீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முந்தானையை இறக்கி, "தூங்குதாரேன்னு நானும் வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன் டாக்டர்" என்றாள்.

"உங்க ரெண்டு பேர் மேலயும் குத்தம் சொல்ல நான் உக்காரல" என்றார் ராஹிலா.

மருந்தை மாற்றவில்லை. காலையில் கை நடுங்குமா, குடிக்காத நாட்களில் வேர்த்துக் கொட்டுமா, வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டுக்கொண்டார். எதுவும் இல்லை. அப்படியானால் குடியை இன்றோடு நிறுத்தலாம், நடுக்கம் வந்தால் உடனே வர வேண்டும். மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது. வாரம் ஒரு முறை வந்து முகம் காட்ட வேண்டும். விடியாம இருக்கணும் என்ற நினைப்பு அழுத்தினால் எந்த நேரமானாலும் கூப்பிட வேண்டும், ஜெயஷீலாவும் கூடவே இருக்க வேண்டும். கிரேன் இப்போதைக்கு இல்லை. ஆறு வாரம் கழித்துப் பார்ப்போம்.

முதல் வாரம் தூக்கமே இல்லை. இரண்டாம் வாரமும் அப்படித்தான். பொழுது அடையும்போது கால்கள் தாமாகக் கடைப்பக்கம் திரும்பும். விஷயம் மாரிராஜின் காதுக்கும் போனது. மறுநாளிலிருந்து, இரவு ஷிப்டுக்குப் போகுமுன் பைக்கில் வந்து இவனை ஏற்றிக்கொள்வான். உப்பளத்து ஓரம் டீக்கடையில் நிறுத்துவான்.

"ஏலே, நான் உனக்கு வைத்தியம் பாத்த லட்சணத்துக்கு என்னய கிரேன்ல இருந்து இறக்கியிருக்கணும்" என்றான் ஒரு நாள்.

"ஒன்னய இறக்கினா என் நைட் ஷிப்ட எவன்லே பாப்பான்?" என்றான் நேசக்குமார். பல மாதத்தில் அவன் சொன்ன முதல் கேலி அது. இருவரும் அதைக் கவனிக்காதது போல டீயைக் குடித்தார்கள்.

மூன்றாம் வாரம் நாசரேத்தில் மைத்துனன் வீட்டுக் கல்யாணம். அங்கே யாரோ கையில் வைத்த கிளாசை அவன் மறுக்கவில்லை, அடுத்ததையும் மறுக்கவில்லை. மறுநாள் காலையில் பழைய ஆள் நெஞ்சில் வந்து உட்கார்ந்தான், அதே எடையோடு. ஆனால் இந்த முறை நேசக்குமாருக்கு அவன் வந்த வழி தெரிந்தது. டாக்டருக்குத் தானே போன் போட்டான். இன்றைய மாத்திரையை விடாமல் போடுங்கள், மறுபடி இன்றிலிருந்து தொடங்கலாம், சொன்னதே நல்லது என்றார் அவர். அதன்பின் அவன் தொடவில்லை.

ஐந்தாம் வாரக் கடைசியில் ஒரு நாள் நாலு மணிக்கு விழிப்பு வரவில்லை. ஐந்தரைக்கு ஜெயஷீலா எழுப்பும்போது, செத்த நேரம் கிடக்கேனே என்று புரண்டு படுத்தான். அவள் அடுக்களைக்குப் போய் நின்றுகொண்டு, எதற்குப் போனோம் என்பதை மறந்துவிட்டாள்.

ஆறு வாரம் முடிந்து டாக்டரைப் பார்த்தார்கள். தேறுகிறது என்றார். சர்டிபிகேட் இன்னும் இரண்டு வாரம் கழித்துத்தான். பகலில் மந்தம் துளியும் இல்லை என்று உறுதியாகட்டும் என்றார். நேசக்குமார் முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் தலையாட்டினான். செல்வதுரையின் டிரெய்லர் எழும்பியது அவன் கண்ணை விட்டு இன்னும் இறங்கவில்லை.

அன்று மத்தியானம் ஜெயஷீலா சாளைமீன் குழம்பு வைத்திருந்தாள். பல மாதமாக அவன் எதைப் போட்டாலும் தின்பான், ஒன்றும் சொல்ல மாட்டான். அவளும் அவனுக்கு ருசி பார்த்து வைப்பதை விட்டு நாளாகிவிட்டது. இரண்டு கவளம் உண்டவன், நின்றான். விரலை நக்கிப் பார்த்தான்.

"ஏளா ஷீலா, உப்பள ஊருல இருந்துக்கிட்டு இப்படியா உப்பு போடுவ?"

ஜெயஷீலா உப்புச் சிரட்டையை எடுத்துவந்து அவன் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து, முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாதபடி குலுங்கினாள்.

"அதுக்கு ஏன் அழுத? சரியாத்தான் இருக்கு, கொஞ்சந்தான் கம்மி" என்று சொல்லி, அவன் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னான்.