பூஜ்ஜியமாக்காத இடம்

திண்டிவனத்தில் பம்ப்செட் ஸ்டார்ட்டர் செய்யும் பட்டறையில் புரோகிராம் எழுதுவது நான். எங்கள் ஸ்டார்ட்டரை மாட்டியிருந்த காணை கிராமத்துப் பச்சைமுத்து என்பவருக்கு வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. கரண்ட் போன அரை நிமிடத்தில், நழுவிய பெல்ட்டை மாட்டியிருக்கிறார். கரண்ட் வந்ததும் பொத்தானைத் தொடாமலே மோட்டார் ஓடியது.

ஸ்டார்ட்டர் பெட்டியின் சிப்பில், மெயின் என்ற முக்கிய நிரல் தொடங்கும் முன் ஓடும் சிறு நிரல், தொடக்க மதிப்புள்ள மாறிகளுக்கு அந்த மதிப்புகளை ஃபிளாஷ் என்ற நிரந்தர நினைவகத்திலிருந்து ராம் என்ற தற்காலிக நினைவகத்துக்கு நகலெடுக்கும், மதிப்பில்லாதவற்றைப் பூஜ்ஜியமாக்கும். ஒரு பிழையைத் தேடியபோது, ரீசெட்டுக்குப் பிறகும் பழைய எண்ணிக்கை நிற்கட்டும் என்று பூஜ்ஜியமாக்கும் பகுதியை நிறுத்திவைத்தேன். திரும்பச் சேர்க்க மறந்தேன். கெப்பாசிட்டரில் மிச்சமிருந்த மின்சாரத்தில், 'மோட்டார் ஓடட்டும்' என்ற மாறி பூஜ்ஜியமாகாமல் 1 என்றே நின்றுவிட்டது.

"கரண்ட் லைன் கோளாறுன்னு சொல்லிட்டு ஜல்தி வந்துடு" என்று என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார் முதலாளி ராஜசேகர்.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் பச்சைமுத்துவின் மனைவி அஞ்சம்மாள் என்னிடம் கேட்டாள்: "இவுரே பட்டனை அமுக்கிட்டாருன்னு ஊரே பேசிக்கினு இருக்குது. அப்படியா தம்பி?"

"இல்லீங்க. தப்பு நான் பண்ணது. எங்க ஸ்டார்ட்டர் பெட்டி தானா மோட்டாரை ஓட்டிடுச்சு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பச்சைமுத்து கட்டுப் போட்ட கையை மார்பில் வைத்தபடி என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நின்றேன்.

"இந்த மாதிரி பெட்டி இன்னும் எத்தினி இருக்குது?"

"நாப்பதுங்க."

"அப்புறம் இங்க எதுக்குடா நின்னுக்கினு இருக்கே? போய் அதையெல்லாம் நிறுத்து."