வெயில் வீணாகக் கூடாது

மொட்டை மாடியில் சோலார் போட்ட நாளிலிருந்து அந்த நர்ஸுக்குப் பகல் தூக்கம் பறிபோனது. இரவு டியூட்டி முடிந்து வந்து கண்ணயர்ந்தால் போதும், கணவர் ஆபீஸிலிருந்து போன் போடுவார். "வெயில் வீணாப் போகுது. வாஷிங் மெஷினப் போடு, இஸ்திரியையும் முடிச்சிடு." செத்த பிணம்போல எழுந்து போடுவாள்.

இவ்வளவு செய்தும் பில் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. இருவரும் மின்சார அலுவலகத்துக்குப் போனார்கள்.

"துணியெல்லாம் பகல்லதான் துவைக்கிறோம் மேடம்" என்றார் கணவர், ஏதோ தானே துவைத்ததுபோல.

கவுண்டரில் இருந்த பெண் பில்லைத் திருப்பிக் காட்டினாள். "நீங்க எங்ககிட்ட எடுத்தது முந்நூத்திப் பத்து யூனிட். உங்க மாடியில மிஞ்சி எங்களுக்கு வந்தது இருநூத்தி அறுபது. கழிச்சா அம்பது. அதுக்குத்தான் காசு, கூட மாசாமாசம் கட்டுற நிலைக்கட்டணம். பகல்ல துவைச்சா எங்களுக்கு அனுப்புறது குறையும், ராத்திரி துவைச்சா எங்ககிட்ட எடுக்கிறது கூடும். உங்க பில்லுல ராத்திரிக்குத் தனி ரேட் கிடையாது. ஒண்ணுக்கு ஒண்ணு நேராயிடும். எப்பத் துவைச்சாலும் அதே அம்பதுதான்."

நர்ஸுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

வாசலுக்கு வந்ததும் கணவர் தொண்டையைச் செருமினார். "அப்ப இனிமே ராத்திரியே போட்டுக்கலாம்."

"போடுங்க" என்றாள். "ராத்திரி நான் டியூட்டியில இருப்பேன்."