முப்பத்தெட்டாவது கேள்வியின் மாமி

கல்முனையில் அரச வேலைக்கான போட்டிப் பரீட்சை. வயதெல்லை நெருங்கிவிட்டதால் சுமையாவுக்கு இதுவே கடைசித் தடவை. நுண்ணறிவு வினாத்தாளில் முப்பத்தெட்டாவது கேள்வியில் அவள் நின்றுவிட்டாள்: 'றிஸ்மியா, அம்ஹாவின் மாமி. அம்ஹாவின் தந்தைக்கு றிஸ்மியா என்ன உறவு?' விடைகளில் 'சகோதரி'யும் இருந்தது, 'மனைவியின் சகோதரனின் மனைவி'யும் இருந்தது.

ஓரத்தில் குடும்ப மரம் வரைந்து பார்த்தாள். வாப்பாவின் சகோதரியும் மாமிதான், தாய்மாமாவின் மனைவியும் மாமிதான். இரண்டு கிளையிலும் றிஸ்மியா சரியாகவே பொருந்தினாள். கையை உயர்த்தினாள்.

"சேர், இதுல ரெண்டு விடையும் சரியா வருது."

மேற்பார்வையாளர் குனிந்து வாசித்தார். "ஓம், வருதுதான். ஆனா நான் ஒண்டும் சொல்லேலா தங்கச்சி. ஒண்டுக்குத்தான் புள்ளடி போடணும்."

"கேள்வி பிழையெண்டு எழுதி அனுப்பேலாதா?"

"அனுப்பலாம். ஆரு பாக்கப் போறா?"

அவர் அடுத்த மேசைக்கு நகர்ந்தார். தன் சொந்த மாமிமாரின் முகங்கள் மாறி மாறி வர, சுமையா 'சகோதரி'க்குப் புள்ளடி போட்டாள்.

மூன்று மாதம் கழித்து வந்த பட்டியலில் அவள் பெயர் இல்லை. எந்தக் கேள்வியில் போனதென்று யாரும் சொல்லவில்லை. கேட்பதற்கு ஓர் இடமும் அவளுக்குத் தெரியவில்லை.