ரத்தத்தில் ஒன்றுமில்லை

எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினெட்டு வருடம் டாக்டராக இருந்ததில் அது கூடியதே தவிர குறையவில்லை. நர்ஸ்கள் முதுகுக்குப் பின்னால் என்னைப் 'பட்டாசு' என்பார்கள். அதைக் கேட்டு உள்ளூரப் பூரித்துப் போனவன்தான் நான். இப்போது காதில் விழுந்தால் உடம்பே கூசுகிறது.

நான்காம் கட்டிலில் இருந்தவர் தையல்காரர். நாற்பத்தாறு வயது. கல்யாண உடைகளுக்கு மணி கோர்த்துத் தைப்பதில் கெட்டிக்காரராம். நர்ஸ்கள் எல்லோருக்கும் அவர் 'தையலக்கா'. குடலில் ஓட்டை விழுந்து ஆபரேஷன் ஆனது. தைத்த இடம் கசிந்ததால் மறுபடியும் வயிற்றைத் திறந்தார்கள். நான் சொல்வது பன்னிரண்டாம் நாள் காலை. கழுத்து ரத்தக்குழாயில் ஒரு டியூப், அதன் வழியாகவே சாப்பாடு, மூன்று வகை ஆன்டிபயாடிக். இத்தனையும் ஓடிக்கொண்டிருக்கக் காய்ச்சல் மட்டும் இறங்குவேனா என்றது.

அன்று ரவுண்ட்ஸுக்கு லேப் டாக்டர் வந்தார். கிருமிகளைப் பரிசோதிக்கும் பிரிவில் இருக்கும் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவர், அதிர்ந்து பேசமாட்டார்.

"சார், இவங்களுக்கு யூரின்ல கேண்டிடா, சளியில கேண்டிடா, வயித்துல வெச்ச ட்ரெயின் குழாய்லயும் கேண்டிடா. பூஞ்சைக்கு மருந்து ஆரம்பிச்சுடலாமா?"

"அது எல்லார் உடம்புலயும் குடியிருக்கிற ஈஸ்ட் பூஞ்சைதானே? என் வாயில தேய்ச்சு எடுத்தாலும் வரும்."

"குடியிருக்கும் சார். ஆனா பன்னெண்டு நாளா ஆன்டிபயாடிக் போட்டு அக்கம்பக்கத்து பாக்டீரியாவையெல்லாம் விரட்டிட்டோம். குடல்ல ஓட்டை, கழுத்துல டியூப். அது ரத்தத்துக்குள்ள போக நாமளே வழி பண்ணி வெச்சிருக்கோம்."

"ரத்தத்துல கிருமி வளருதான்னு பார்த்த கல்ச்சர் ரெண்டு தடவை நெகட்டிவ்னு நீங்கதானே கையெழுத்து போட்டீங்க?"

"நெகட்டிவ்னா வளரலைன்னுதான் அர்த்தம் சார். உள்ளுறுப்புல பூஞ்சை இருக்கிறவங்கள்ல பாதிப் பேரைத்தான் கல்ச்சர் பிடிக்கும். ரத்தத்துல பூஞ்சையோட செல்சுவர்ப் பொருளைத் தேடுற டெஸ்ட் ஒண்ணு இருக்கு, அதையாவது அனுப்பலாம்."

"ஆபரேஷன் ஆனவங்களுக்கு அது சும்மாவே பாசிட்டிவ் காட்டும். காயத்துல வெச்ச பஞ்சுத்துணி போதும் அதுக்கு."

"ஆமா சார். ஆனா நெகட்டிவ்னு வந்தா நமக்குத் தைரியம். பாசிட்டிவ்னு வந்தா யோசிக்கலாம்."

அவர் சொன்னது சரி. சரி என்று அப்போதே எனக்குத் தெரியும். ஆனால் ஆறு ஜூனியர்கள் சுற்றி நிற்கிறார்களே! "எங்க பார்த்தாலும் உங்களுக்கு ஈஸ்ட்தான் தெரியுது. பேசாம ஒரு பேக்கரி வெச்சுடுங்களேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், சிரிக்காமல் வேறு என்ன செய்வார்? மருந்து ஆரம்பிக்கவில்லை. டெஸ்டும் அனுப்பவில்லை. வழக்கமாக எடுக்கும் கல்ச்சருக்கு மட்டும் ரத்தம் போனது.

வாசலில் தையலக்காவின் அண்ணன் நின்றிருந்தார். லாரி ஓட்டுபவர். மூன்று நாளாக வாசல் பெஞ்சிலேயே கிடந்ததில் சட்டை கசங்கிக் கண் சிவந்திருந்தது.

"டாக்டர், ஏன் காய்ச்சல் விட மாட்டேங்குது?"

"பார்த்துக்கிட்டிருக்கோம். ரத்தத்துல ஒண்ணுமில்ல. ரத்தம் சுத்தமா இருக்கு. வீட்டுக்குப் போய்த் தூங்குங்க."

கல்ச்சர் நெகட்டிவ் என்றால் சொந்தக்காரர்களிடம் 'ரத்தம் சுத்தம்' என்று சொல்வது என் வழக்கம். கேட்பவர் முகம் உடனே தெளியும். அவர் முகமும் தெளிந்தது, வீட்டுக்குப் போய்விட்டார்.

பதினைந்தாம் நாள் காலை தையலக்காவின் ரத்த அழுத்தம் தடதடவென்று இறங்கியது. ஏற்றுவதற்கு மருந்து போட்டுக்கொண்டிருக்கும்போதே லேப் டாக்டரிடமிருந்து போன்.

"சார், ஒரு கல்ச்சர் பாட்டில்ல ஈஸ்ட் வளருது."

"நாலு பாட்டில்ல ஒண்ணுதானா? தோலில இருந்து ஒட்டிக்கிட்டதா இருக்கும்."

"பாக்டீரியான்னா நானும் யோசிப்பேன். ரத்தத்துல கேண்டிடான்னா ஒரு பாட்டில் போதும் சார். அதை அழுக்குன்னு ஒதுக்கவே கூடாது."

பழக்க தோஷம், பூஞ்சைக்கு எப்போதும் எழுதும் மருந்தையே நினைத்து, "ஃப்ளூகோனசோல் எழுதுறேன்" என்றேன்.

"வேண்டாம் சார். வாய்ப்புண்ணுக்குன்னு வார்டுல ஏற்கனவே ஏழு நாள் அதைக் கொடுத்திருக்காங்க. அதுக்கும் தப்பிச்ச வகையா இருக்கலாம். அழுத்தம் வேற இறங்கியிருக்கு. கேஸ்போஃபன்ஜின் போடுங்க. கழுத்து டியூபையும் எடுத்துடுங்க."

வார்டு சீட்டை நான் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. லேப்பில் உட்கார்ந்திருக்கும் அவர் பார்த்திருக்கிறார். சொன்னபடியே செய்தேன். வந்தது கிளாப்ரேட்டா என்ற வகை, ஃப்ளூகோனசோலுக்கு அசையாதது என்று பிறகு உறுதியானது. மருந்து ஆரம்பித்த ஐந்தாம் நாள் ரத்த அழுத்தம் ஊசியின் உதவியில்லாமல் தானாக நிலைத்து நின்றது, கல்ச்சர்களும் நெகட்டிவ் ஆயின. பிழைத்துவிட்டார் என்று நான் மூச்சுவிட்ட அன்றுதான் கண் டாக்டர் வந்தார். பூஞ்சை ரத்தத்தில் வந்தால் கண்ணைப் பார்த்தே ஆகவேண்டும்.

வலது விழித்திரையின் நடுவில் வெள்ளைத் திட்டுகள், கண்ணுக்குள் மேகம். கேஸ்போஃபன்ஜின் கண்ணுக்குள் சரியாகப் போய்ச் சேராது. மருந்தை மாற்றி ஆம்போடெரிசினும் கூட இன்னொன்றும் கொடுத்தோம், தினமும் சிறுநீரகத்தைக் கண்காணித்தபடி. கண்ணுக்குள்ளேயே ஊசியும் போட்டார்கள். உயிர் நின்றது. வலது கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது.

மூன்று நாள் முன்னால் தொடங்கியிருந்தால் கண் தப்பியிருக்குமா? நிச்சயமாக யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் வேலைக்குப் போனேன். அதைப் பிடித்துக்கொண்டிருப்பதை நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

ஆறு வாரம் கழித்து, சொல்லிவிடுவது என்று வார்டுக்குப் போனேன். தையலக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க டாக்டர். இடது கண்ணை மூடிக்கிட்டு பார்த்தா உங்களுக்கு மூக்கே இல்ல, தெரியுமா? காது ரெண்டும் மட்டும் ஜோரா இருக்கு."

சிரிக்க முயன்றேன், முடியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். லேப் டாக்டர் கேட்டது, நான் மறுத்தது, பேக்கரி நக்கல் வரைக்கும்.

அவர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா சொன்னப்பவே போட்டிருந்தா கண்ணு தப்பிச்சிருக்குமா?"

"தெரியலம்மா. தப்பிச்சிருக்கலாம்."

"இந்த 'தெரியல'யை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே டாக்டர். வாய்க்கு அவ்வளவு கஷ்டமா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"வெளியில எங்கண்ணன் உக்காந்திருக்கான். அவன்கிட்ட இதைச் சொல்லாதீங்க" என்றார். "உங்களுக்காக இல்ல. உங்க பேச்சை நம்பி அன்னைக்கு வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்குனானாம். தெரிஞ்சா, தூங்கிட்டேனேன்னு தன்னையேதான் திட்டிக்குவான். உங்களைத் திட்ட மாட்டான். அவன் புத்தி அப்படி."

தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். அண்ணன் பெஞ்சிலிருந்து எழுந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை.

"டாக்டர், என் தங்கச்சியக் காப்பாத்திக் கொடுத்துட்டீங்க. சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்."

விடாமல் பிடித்திருந்தார். "பரவாயில்லை" என்றேன்.