பலகையில் இல்லாத வரி

சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் சூடாமணியின் டைப்பிங் கடை. மயிலாப்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்து கடையைத் திறப்பவளுக்கு அடையாற்றங்கரை தேவானையின் ஆப்பம்தான் காலைப் பலகாரம். அந்தத் தேவானைக்குத்தான் இப்போது வீடே போகிற நிலைமை.

குடிசைகளை எடுக்கப்போவதாகக் கரையில் அறிவிப்புப் பலகை வைத்திருந்தார்கள். மாற்று வீடு கேட்டுத் தேவானை கொடுத்த மனுவைக் கெடு தாண்டிவிட்டதென்று தள்ளிவிட்டார்கள். கெடு பலகையிலேயே இருக்கிறதாம். பலகையடியிலேயே கடை போட்டு உட்கார்ந்தும் பார்க்கவில்லையா என்று புருஷன் துரைராஜ் ஒரு மாதமாகக் கரித்துக் கொட்டுகிறான்.

தேவானைக்காகக் கோர்ட்டுக்குப் போகும் வக்கீல் பலகையைப் போட்டோ எடுத்துச் சூடாமணிக்கு அனுப்பியிருந்தார். தமிழ் தனியாக, இங்கிலீஷ் தனியாக, உள்ளது உள்ளபடி அடித்துத் தரவேண்டும். பலகையிலோ தமிழ் ஒரு வரி, இங்கிலீஷ் ஒரு வரி என்று மாறி மாறி இருந்தது. சூடாமணி லென்ஸை வைத்துக்கொண்டு முதலில் தமிழ் வரிகளை மட்டும் பொறுக்கி அடித்தாள். பிறகு ஃபாண்டை மாற்றி, அடுத்த பக்கத்தில் இங்கிலீஷ். மாற்ற மறந்தால் இங்கிலீஷெல்லாம் தமிழ்க் கிறுக்கலாக வந்து நிற்கும்.

எண்ணிப் பார்த்தாள். இங்கிலீஷ் எட்டு வரி, தமிழ் ஏழு. எங்கோ ஒன்றை விட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று, மிச்சமிருந்த இங்கிலீஷ் வரியைத் தானே தமிழாக்கி இடையில் சேர்த்துவிட்டாள். அரைகுறையாக எதையும் வெளியே அனுப்பிப் பழக்கமில்லாதவள் அவள். பாவம், நல்லது செய்வதாகத்தான் நினைப்பு.

மத்தியானம் தாளை வாங்க வந்த தேவானை, தமிழ்ப் பக்கத்தை விரல் வைத்துப் படித்தாள். ஆறாவது வரியில் விரல் நின்றது.

“பதினஞ்சு நாளைக்குள்ள மனு குடுக்கணும்னு போட்டுகீதேக்கா. இது போர்டுல இல்ல. தெனம் படிச்சிக்கினு கீறேன், எனக்குத் தெரியாதா?”

சூடாமணிக்குச் சுருக்கென்றது. லென்ஸை எடுத்து மறுபடி பார்த்தாள். உதிர்ந்த தடமில்லை, அழிந்த தடமில்லை. அந்த இடத்தில் இரண்டு இங்கிலீஷ் வரிகள் அடுத்தடுத்து நின்றன. கெடுவைத் தமிழில் எழுதவேயில்லை. எழுதாதவர்களுக்குச் சாட்சியாகத் தன் கையாலேயே அதை எழுதி வைத்திருக்கிறாள் இவள். தன்மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சேர்த்ததை அழித்து, ஏழு வரியை ஏழாகவே மறுபடி பிரிண்ட் எடுத்தாள்.

“நான்தான் தப்பாச் சேர்த்துட்டேன். கெடு இங்கிலீஷ்ல மட்டும்தான் இருக்கு. நீ சரியாத்தான் படிச்சுண்டு இருந்திருக்கே, தேவானை.”

வக்கீலுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் தேவானை உடனே கிளம்பவில்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, படிக்கத் தெரியாத இங்கிலீஷையும் விரலால் வரி வரியாக எண்ணினாள். எட்டு. தமிழ் ஏழு. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இன்னொரு காப்பி குடுக்கா. கோர்ட்டுக்கு அப்பால காட்டிக்கலாம், மொதல்ல எம் புருசன் எண்ணிப் பாக்கட்டும்.”