ஏழு ஓட்டு வாங்கிய "எதுவானாலும் ஓகே"

கல்லூரி நண்பர்கள் எட்டுப் பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் ஒருத்தி நர்ஸ். மூன்று மாதத்தில் இந்தச் சனிக்கிழமை சாயந்தரம் மட்டும்தான் அவளுக்கு ஓய்வு. போன இரண்டு முறையும் எந்தக் கடையில் சாப்பிடுவது என்று முடிவாகாமலே அவள் லீவு வீணாய்ப் போனது.

இந்த முறை குழுவில் வாக்கெடுப்பை நடத்தியவன் எங்களில் ஒருத்தன், 'பேராசிரியர்'. இன்சூரன்ஸ் பிடிக்கிற வேலைதான். வாயைத் திறந்தால் வகுப்பு, அதனால் அந்தப் பெயர். அவன் போட்டது: ஏரிக்கரைக் கடை. அமைதியான இடம். மீன் நல்லா இருக்கிற இடம். எதுவானாலும் ஓகே. ஒருவரே எத்தனையை வேண்டுமானாலும் தொடலாம் என்று வேறு விட்டிருந்தான்.

வெள்ளி மதியம் கணக்கு: ஆறு, ஆறு, ஐந்து, ஏழு. அமைதியும் மீனும் ஏரிக்கரைக் கடையிலேயே இருக்கின்றன. ஒரே கடைக்கு மூன்று முகமூடி! ஜெயித்ததோ கடையே இல்லை.

போன் போட்டேன். "டேய், 'எதுவானாலும் ஓகே' எந்தத் தெருவுல இருக்கு? போய் டேபிள் சொல்லிட்டு வரேன்."

"அதுதான்டா ஜனநாயகம். எல்லாருக்கும் சம்மதம்."

"சம்மதம் சரி. சோறு?"

நர்ஸ் வார்டிலிருந்து குரல் செய்தி அனுப்பினாள். "ஆறு மணிக்குள்ள சொல்லுங்கப்பா. இல்லன்னா என் லீவக் கேட்டு டியூட்டி மாத்திக்க ஒருத்தி காத்திருக்கா. நான் குடுத்துடுவேன்."

பேராசிரியர் அதற்கு ஒரு பூப் படம் அனுப்பினான்.

அவனை நம்பினால் விடிந்த மாதிரிதான். நானே நான்கு கடைக்குப் போன் பண்ணினேன். எட்டுப் பேருக்கு இடம் இருந்தது இரண்டில்தான். புதிதாக எழுதினேன்: "நாளை ஏழரைக்கு எங்கே? ஒருத்தருக்கு ஒரே ஓட்டு. ஐந்தரையோடு முடிவு. சமமா வந்தா ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கடை." கீழே இரண்டே வரி: ஏரிக்கரைக் கடை. பஸ் ஸ்டாண்ட் எதிர் மாடிக் கடை, ஆஸ்பத்திரிக்குப் பக்கம், லிஃப்ட் உண்டு.

"மூணாவது ஆப்ஷன் எங்க?" என்றான் பேராசிரியர்.

"உன் வீடு. போடட்டுமா?"



ஐந்தரைக்கு மாடிக் கடை ஐந்து, ஏரிக்கரை மூன்று. நான் தொட்டது ஏரிக்கரை. தோற்றுப்போன கையாலேயே மாடிக் கடைக்குப் போன் போட்டு எட்டு நாற்காலி சொல்லிவிட்டுக் குழுவில் எழுதினேன்.

உடனே பேராசிரியர் வந்துவிட்டான். "மூணு பேர் மனசு சங்கடப்படுமே. இன்னொரு ஓட்டெடுப்பு வச்சுப் பாக்கலாமா?"

நர்ஸ் முந்திக்கொண்டாள். "டியூட்டி மாத்தலன்னு அவகிட்ட இப்பதான் சொன்னேன். சங்கடப்படறவங்க என் பக்கத்துல வந்து உக்காருங்க. நானே ஊட்டி விடறேன்."